குடிவந்த பிறகு ஐந்து கேள்விகள்

கிரகப்பிரவேசத்தன்று கான்ட்ராக்டருக்கு வேட்டி, துண்டு, தாம்பூலத் தட்டு எல்லாம் கிடைக்கும். கொத்தனார், தச்சர், எலக்ட்ரீஷியன் என்று வரிசையாக அழைத்து மரியாதை செய்யும் வீடுகள் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. அந்தச் சந்தடியில், பந்திக்கு நடுவே வீட்டுக்காரரைப் பிடித்து, "என்ன சார், வேலை திருப்திதானே?" என்று கான்ட்ராக்டர் கேட்பார். "அதெல்லாம் பிரமாதம்!" என்று பதில் வரும். வேறென்ன வரும்? உறவுக்கூட்டம் சூழ நிற்கும்போது, மாவிலைத் தோரணம் வாடாத வாசலில் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? போதாததற்கு, அந்த வீட்டின் குளியலறையில் அன்றுவரை ஒருவர்கூடக் குளித்திருக்க மாட்டார்.

ஆறு மாதம் கழித்து அதே வீட்டுக்காரர் மைத்துனரிடம் பேசுவதைக் கேட்டால் கதை வேறாக இருக்கும். பாத்ரூமில் தண்ணீர் தேங்குகிறது. படுக்கையறை ஃபேன் சுவிட்சைப் போடக் கதவைச் சாத்தவேண்டியிருக்கிறது. ஹாலில் தூண் ஓரமாகத் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். இவற்றையெல்லாம் மைத்துனர் கேட்டுக்கொள்கிறார், அவர் வீடு கட்டும்போது வேறு ஆளைத் தேடுகிறார். கான்ட்ராக்டரின் காதுக்கு மட்டும் ஒன்றும் வருவதில்லை. அவர் அடுத்த வீட்டிலும் அதே வாட்டத்தில் தரை போட்டு, அதே இடத்தில் சுவிட்ச் பெட்டியைப் பதித்துக்கொண்டிருப்பார்.

வேலை முடிந்ததும் வாடிக்கையாளரிடம் கருத்துக் கேட்கும் பழக்கம் பெரிய நிறுவனங்களுக்கு உரியது என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிட, ஆண்டுக்கு ஐந்தாறு வேலை செய்யும் சின்ன கான்ட்ராக்டருக்கும் இன்டீரியர் வேலை எடுப்பவருக்கும்தான் இது அதிகம் பயன்படும். நீளமான படிவமெல்லாம் வேண்டாம். எளிமையான ஐந்து கேள்விகள் போதும். ஆனால் எந்த ஐந்து, எப்போது, யாரிடம், யார் கேட்பது என்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது.

கேட்காமல் இருப்பதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. "கேட்டால் ஒரு பட்டியலே நீட்டுவார்கள், எல்லாவற்றையும் இலவசமாகச் செய்துகொடுக்கச் சொல்வார்கள்" என்ற பயம் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. தூங்குகிற புலியை எதற்கு இடறவேண்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

இந்தப் பயம் மதுரைக்கும் கோவைக்கும் மட்டும் சொந்தமானதல்ல. பிரிட்டனின் கட்டடக் கலைஞர்களுக்கான அரச கழகம் 1963-ல் ஒரு கட்டடத்தைத் திட்டமிடுவது முதல் ஒப்படைப்பது வரையிலான படிகளை வகுத்து வெளியிட்டது. அதில் கடைசிப் படியே கருத்துக் கேட்பதுதான். கட்டடம் புழக்கத்துக்கு வந்த பிறகு கலைஞர் திரும்பப் போய், அது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். காகிதத்தில் அழகான ஏற்பாடு. ஆனால் அந்த வேலைக்குத் தனியாகக் கூலி தர வாடிக்கையாளர்கள் முன்வரவில்லை. போய்ப் பார்த்துத் தன் தவறைத் தானே எழுதிவைத்தால் நாளைக்கு அதுவே வழக்கில் சாட்சியாகிவிடுமோ என்ற கலக்கம் கலைஞர்களுக்கு. 1970களின் தொடக்கத்தில் அந்தப் படியையே கழகம் தன் ஊதிய ஏற்பாட்டிலிருந்து எடுத்துவிட்டது. 2013-ல் படிகளைப் புதுக்கி அமைத்தபோதுதான் 'பயன்பாட்டில்' என்ற பெயரில் ஏழாவது படியாக அது திரும்ப வந்தது. இடையில் ஒரு தலைமுறைக் கட்டடங்கள், எழுப்பியவர்கள் திரும்பிப் பார்க்காமலே நின்றன.

அந்த இடைவெளியில் உருப்படியாக நடந்த ஒரு காரியம் 'புரோப்' ஆய்வுகள். 1995 முதல் 2002 வரை பில் போர்டாஸ், ஏட்ரியன் லீமன் முதலானவர்கள் பிரிட்டனில் புதிதாகக் கட்டி, பத்திரிகைகளில் பாராட்டுப் பெற்ற கட்டடங்களுக்குள் போனார்கள். மின்சாரக் கணக்கைப் பார்த்தார்கள். அங்கே தினமும் வேலை செய்பவர்களிடம் சுருக்கமான வினாத்தாளைக் கொடுத்து, வெக்கை, வெளிச்சம், சத்தம் பற்றிக் கேட்டார்கள். கிடைத்ததைக் கட்டடத்தின் பெயரோடே ஒரு தொழில்முறை இதழில் அச்சிட்டார்கள். வந்த முடிவுகளில் இரண்டு இன்றைக்கும் நம் ஊர் வீட்டுக்குப் பொருந்தும். முதலாவது, ஜன்னலைத் திறப்பதும் விளக்கை அணைப்பதும் தன் கையில் இருந்தால், மற்ற அசௌகரியங்களை மனிதர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும் இயந்திரமே முடிவுசெய்கிற கட்டடத்தில்தான் எரிச்சல் கூடுகிறது. இரண்டாவது, குறை சொன்னதும் யாராவது சீக்கிரம் வந்து பார்த்தால், மக்கள் கட்டடத்தின் மீது வைத்திருக்கும் நல்லெண்ணம் பெரிதாகக் குலைவதில்லை. குறை இருப்பதைவிடச் சொல்லியும் ஆள் வராததுதான் அதிகம் கோபப்படுத்துகிறது.

இந்தியச் சட்டமும் இந்த விஷயத்தில் ஒன்று சொல்கிறது. மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், 2016, அதாவது 'ரேரா', அதன் 14-வது பிரிவில் இது இருக்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ குறை தெரியவந்து, உரிமையாளர் அதைத் தெரிவித்தால், கட்டிக்கொடுத்த புரமோட்டர் 30 நாளுக்குள் கூடுதல் பணம் வாங்காமல் சரிசெய்ய வேண்டும். இது அடுக்குமாடியும் வீட்டுத் திட்டங்களும் கட்டி விற்பவர்களுக்கானது. சொந்த மனையில் ஒருவருக்காக ஒரு வீடு கட்டும் கான்ட்ராக்டரை இந்தப் பிரிவு நேராகக் கட்டாது. அவரைக் கட்டுவது, கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் உள்ள வரிகளும் ஊரில் அவருக்குள்ள பெயரும்தான். ஆனாலும் சட்டத்தின் போக்கு தெளிவாகத் தெரிகிறது. குறை ஐந்து வருடத்துக்குள் எப்படியும் வெளியே வரும். வக்கீல் நோட்டீஸாக வருவதற்கு முன்னால் போன் பேச்சாக வந்தால் செலவு குறைவு.

சரி, என்ன கேட்பது?

வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "எங்கள் வேலையின் தரமும் வேகமும் உங்களுக்குத் திருப்தியா?" என்பது. இதில் இரண்டு கோளாறு. தரம் நன்றாக இருந்து வேகம் மோசமாக இருந்தால் அவர் என்ன சொல்வார்? ஒரு கேள்விக்குள் இரண்டைத் திணித்தால் எதற்கு வந்த பதில் என்று யாருக்கும் தெரியாது. அடுத்தது, திருப்தியா என்று கேட்டாலே ஆமாம் என்று சொல்வதுதான் மரியாதை என்றாகிவிடுகிறது. பதில் சொல்பவர் வேலையை மறந்துவிட்டு எதிரில் இருக்கும் மனிதரைப் பார்த்துச் சொல்கிறார்.

ஆகவே அபிப்பிராயத்தை விட்டுவிட்டு, நடந்ததைக் கேட்க வேண்டும். நடந்ததைச் சொல்வதற்கு யாரும் கூச்சப்படுவதில்லை. மதிப்பெண் போடத்தான் கூச்சம்.

வீடு கட்டும் தொழிலுக்கு இப்படி ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்ளலாம். குடிவந்த பிறகு, எதையாவது சரிபார்க்க பிளம்பரையோ எலக்ட்ரீஷியனையோ வேறு ஆளையோ கூப்பிட்டீர்களா, எதற்கு என்பது முதல் கேள்வி. மழை பெய்த நாட்களில் வீட்டுக்குள் எங்கேயாவது துணி போட்டுத் துடைக்க வேண்டியிருந்ததா என்பது இரண்டாவது. வீட்டில் எந்த இடம் அல்லது எந்தப் பொருள் பயன்படாமல் சும்மா கிடக்கிறது என்பது மூன்றாவது. வேலை நடந்துகொண்டிருந்தபோது எதற்காவது எங்களிடம் கேட்டுவிட்டுப் பதில் வராமல் காத்திருந்தீர்களா என்பது நான்காவது. இதே வீட்டை மறுபடி கட்டினால் முதலில் எதை மாற்றுவீர்கள் என்பது ஐந்தாவது.

முதல் கேள்வி இருப்பதிலேயே கெட்டிக்காரத்தனமானது. "ஏதாவது குறை இருக்கிறதா?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்று முடித்துவிடுவார்கள். "யாரையாவது கூப்பிட்டீர்களா?" என்று கேட்டால், "ஆமாம், சம்ப்பிலிருந்து மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை, ஒரு பையன் வந்து வால்வை மாற்றினான், எண்ணூறு ரூபாய் வாங்கினான்" என்று தானாக வரும். குறையாக அவர் அதை நினைக்கவே இல்லை. வீடு என்றால் இதெல்லாம் இருக்கும் என்று செலவு செய்துவிட்டு மறந்துபோனார். ஆனால் கான்ட்ராக்டருக்கு அது தங்கமான தகவல். புது வீட்டில் நான்கே மாதத்தில் வால்வு போகக் கூடாது. மலிவான வால்வாக இருக்கலாம். சம்ப்பைக் கழுவாமல் விட்டதால் மணலும் சிமெண்ட் துகளும் அதில் அடைத்திருக்கவும்கூடும்.

நான்காவது கேள்வி கட்டடத்தைப் பற்றியதே அல்ல, கட்டிய விதத்தைப் பற்றியது. பல நேரம் கசப்பு இங்கேதான் இருக்கும். டைல்ஸ் தேர்ந்தெடுக்கக் கடைக்கு வரச் சொல்லி இரண்டு ஞாயிற்றுக்கிழமை காக்கவைத்ததும், எக்ஸ்ட்ரா வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்குக் கடைசி பில் வரைக்கும் வாய் திறக்காததும் வீட்டுக்காரர் மனதில் நிற்கும். சுவரில் விழுந்த விரிசலை மன்னித்தவர்கள்கூட இதை மன்னிப்பதில்லை.

எப்போது கேட்பது என்பதைத் தமிழ்நாட்டு வானம் முடிவுசெய்கிறது. பெரும்பாலான மாவட்டங்களுக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் வருகிறது. புதுமனை புகுவதோ பலருக்குத் தை மாதத்தில். தையில் குடிவந்தவரிடம் சித்திரையில் போய், ஒழுகுகிறதா என்று கேட்டு என்ன பயன்? வீடு இன்னும் ஒரு நல்ல மழைகூடப் பார்த்திருக்காது. வெயிலில் பூச்சு காய்ந்து சுருங்கும்போது தோன்றும் விரிசல்களும் சில மாதம் கழித்தே கண்ணில் படும். ஆகவே இரண்டு தடவை கேட்பது நல்லது. சாவி கொடுத்த இரண்டு மூன்று வாரத்தில், ஞாபகம் பசுமையாக இருக்கும்போது, நான்காவது கேள்வியை மட்டும் கேட்டுவிடலாம். மற்ற நான்கையும் முதல் மழைக்காலம் முடிந்து, மார்கழி வாக்கில் கேட்க வேண்டும்.

கேட்கக் கூடாத காலம் ஒன்றும் உண்டு. கடைசித் தவணை பாக்கி இருக்கும்போது இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. அப்போது சொல்லப்படும் ஒவ்வொரு குறையும் பேரமாகவே ஒலிக்கும். வீட்டுக்காரர் நிஜமாகவே சொன்னாலும் கான்ட்ராக்டருக்கு, "பணத்தைக் குறைக்கப் பார்க்கிறார்" என்றுதான் தோன்றும். கணக்கு தீர்ந்து, ரசீது கைமாறி, இரு பக்கமும் ஒருவருக்கொருவர் தர வேண்டியது எதுவுமில்லை என்றான பிறகே உண்மை எளிதாகப் பேச வரும்.

யாரிடம் கேட்பது என்பதில் நம் ஊரில் ஒரு பெரிய ஓட்டை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் பெரும்பாலும் குடும்பத்தலைவர். போன் நம்பரும் அவருடையதே. அவர் காலை எட்டரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் இரவு எட்டுக்குத் திரும்புகிறவராக இருக்கலாம். சமையல் மேடை உயரமா, துணி காயப்போட இடமிருக்கிறதா, ராத்திரியில் வயதான அம்மா பாத்ரூம் போக எந்த சுவிட்சைத் தட்டுகிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வாய்ப்புக் குறைவு. வீட்டில் அதிக நேரம் இருப்பவரிடம்தான் கேட்க வேண்டும். "வீட்டு அம்மாவிடம் ஐந்து நிமிஷம் பேசலாமா சார்?" என்று முதலில் கேட்டுக்கொண்டால் யாரும் மறுப்பதில்லை.

கேட்பவரும் முக்கியம். முதலாளி கான்ட்ராக்டரே கேட்டால் முகதாட்சண்யம் குறுக்கே வரும். கட்டிய மேஸ்திரி கேட்டால் கேள்வி பாதியில் வாதமாக மாறிவிடும். அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர், அந்த வீட்டு வேலையில் நேரடியாகச் சம்பந்தப்படாத சூப்பர்வைசர் போன்றவர்கள் கேட்டால் பேச்சு இயல்பாக ஓடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் "சூப்பர்" என்ற ஒரு சொல்லோடு ஒரு கட்டைவிரலும் வரும், அவ்வளவுதான். கூகுளில் நட்சத்திரம் போடச் சொல்லும் வேண்டுகோளை இதே பேச்சில் கலக்கவே கூடாது. புகழ்ச்சி கேட்டு வந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை தோன்றிவிட்டால், அதற்குப் பிறகு புகழ்ச்சி மட்டுமே கிடைக்கும்.

ஒரு பேச்சு எப்படிப் போகும் என்று பார்க்கலாம். கேட்பவர் அலுவலகத்தில் வேலை செய்யும் இளைஞர். எதிர்முனையில் வீட்டு அம்மா.

"அம்மா, வணக்கம். வீடு கட்டின ஆபீஸ்லேர்ந்து பேசறேன். ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாங்களா? பணம் விஷயம் இல்லைம்மா."

"சொல்லு தம்பி."

"குடிவந்த பிறகு பிளம்பர், எலக்ட்ரீஷியன்னு யாரையாவது கூப்பிட்டீங்களாம்மா?"

"அப்படி ஒண்ணும் இல்லப்பா. எல்லாம் நல்லா இருக்கு."

"சரிங்கம்மா. மழை பேஞ்சப்ப வீட்டுக்குள்ள எங்கயாவது துணி போட்டுத் துடைக்க வேண்டியிருந்துச்சுங்களா?"

"மழைக்கு இல்ல தம்பி. பாத்ரூம்லதான் தெனமும் துடைப்பம் வெச்சுத் தள்றேன். தண்ணி ஓட்டைக்குப் போகாம கதவுப் பக்கமா வருது. அத்தைக்கு வழுக்கிடுமோன்னு பயம். அதான் ஒரு சாக்கு போட்டு வெச்சிருக்கேன்."

"எந்த பாத்ரூம்மா?"

"கீழ இருக்கிறது. மேல இருக்கிறது பரவால்ல."

இவ்வளவுதான். எல்லாம் நல்லா இருக்கு என்று தொடங்கியவர் அடுத்த நிமிஷத்தில், தினமும் சாக்கு விரித்துச் சமாளிக்கும் ஒரு கோளாறைச் சொல்லிவிட்டார். மழையைப் பற்றிக் கேட்ட கேள்விக்குக் குளியலறை பதிலாக வந்தது. கேட்பவர் செய்ய வேண்டியதெல்லாம் இடையில் புகாமல் இருப்பதும், 'எந்த', 'எப்போது' என்று ஒரு சொல்லில் தொடர்வதும்தான். "அது டைல்ஸ் போட்டவன் தப்பும்மா" என்று அவர் ஆரம்பித்திருந்தால் பேச்சு அங்கேயே நின்றிருக்கும்.

இந்தப் பதில்களை வைத்து என்ன செய்வது? ஆண்டுக்கு ஆறு வீடு கட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மார்கழியில் ஆறு வீட்டுக்கும் பேசி, ஒரு நாற்பது பக்க நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம் என்று, சொன்ன சொல் மாறாமல் எழுதிவைக்கிறார். இப்போது பக்கங்களைக் குறுக்காகப் படிக்க வேண்டும்.

மூன்று வீட்டில் பாத்ரூம் தண்ணீர் பற்றிய பேச்சு இருக்கிறது. மூன்றிலும் கீழ்த்தளம். மேல்தளத்தில் புகார் இல்லை. ஒரே டைல்ஸ்காரர்தான் இரண்டு தளத்தையும் போட்டார் என்றால் அவர் கையைக் குறை சொல்ல முடியாது. அப்படியானால் கீழ்த்தளத்தில் மட்டும் என்ன வித்தியாசம்? கான்ட்ராக்டர் மேஸ்திரியோடு உட்கார்ந்து பேசினால் புலப்படுகிறது. மேல்தளத்தில் பாத்ரூம் தளத்தை ஆரம்பத்திலேயே தாழ்த்தி வார்த்துவிடுகிறார்கள். ஆகவே வாட்டம் கொடுக்கத் தாராளமாக உயரம் கிடைக்கிறது. கீழே, ஹாலின் தரை மட்டத்தை முதலில் முடித்துவிட்டு, பாத்ரூமை மிச்சமிருக்கும் உயரத்தில் ஒப்பேற்றியிருக்கிறார்கள். சாதாரணமாக ஆறடிக்கு ஓர் அங்குலமாவது சரிவு இருந்தால் தண்ணீர் தானாக ஓட்டையைத் தேடிப் போகும். அங்கே அரை அங்குலம்கூட இல்லை. சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். கதவோரம் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், எங்கே தேங்குகிறது என்று தரையே காட்டிவிடும்.

ஆக, ஆறு பேச்சிலிருந்து கிடைத்த திருத்தம் இரண்டு வரி. கீழ்த்தள பாத்ரூம் மட்டத்தை ஹால் தரைக்கு முன்பே குறித்துவிட வேண்டும். டைல்ஸ்காரருக்குக் கூலி கொடுக்கும் முன் வாளித் தண்ணீர் சோதனை நடக்க வேண்டும்.

தூண் ஓரத்து விரிசலும் இப்படித்தான். இரண்டு வீட்டில், கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக மேலிருந்து கீழே விரிசல். அஸ்திவாரம் இறங்கியிருக்குமோ என்று வீட்டுக்காரர் ராத்திரி தூங்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அஸ்திவார விரிசல் பெரும்பாலும் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு போகும். இந்த நேர்கோட்டு விரிசல், கான்கிரீட்டும் செங்கலும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் வேறு வேறு அளவில் சுருங்கி விரிவதால் வருவது. பூசும் முன் அந்த இணைப்பின் மேல் கோழிவலை அடித்துப் பூசினால் பெரும்பாலும் வராது. நோட்டைப் பார்த்து, அந்த இரண்டு வீட்டுக்கும் பூச்சு வேலை எந்த கோஷ்டி செய்தது என்று தேடினால், விடை ஒரு பெயரில் போய் நிற்கும். வலைக்கான பில் இருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த வேலை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மேலை நாட்டு நிர்வாகப் புத்தகங்களைப் படித்தவர்கள், "எங்களை நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10-க்குள் மதிப்பெண் கொடுங்கள்" என்ற ஒற்றைக் கேள்வியைச் சிபாரிசு செய்வார்கள். ஃபிரெட் ரைக்கெல்ட் 2003-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூவில் எழுதிய கட்டுரையோடு புகழ்பெற்றது அது. 9, 10 போடுபவர்கள் ஆதரவாளர்கள், 6-ம் அதற்குக் கீழும் போடுபவர்கள் அதிருப்தியாளர்கள் என்று பிரித்து, முதல் வகையின் சதவீதத்திலிருந்து இரண்டாவது வகையின் சதவீதத்தைக் கழிப்பார்கள். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர் உள்ள வங்கிக்கும் விமான நிறுவனத்துக்கும் அந்த எண்ணின் ஏற்ற இறக்கம் ஏதோ ஒன்றைச் சொல்லக்கூடும். ஆறு வீடு கட்டியவருக்கு அது வெறும் விளையாட்டு. ஒருவர் மனம் மாறி 9-க்குப் பதில் 6 போட்டால் மொத்தக் கணக்கும் தலைகீழாகும். அந்த 6-க்குக் காரணம் வாட்டமா, விரிசலா, எக்ஸ்ட்ரா பில்லா என்று எண் சொல்லாது. சின்னத் தொழிலுக்குச் சராசரி வேண்டாம், சம்பவம் வேண்டும். ஆறில் மூன்று பேர் ஒரே சம்பவத்தைச் சொன்னால் அது போதுமான புள்ளிவிவரம்.

எழுதிய பதில்களை உடனே மூன்றாகப் பிரிக்க வேண்டியிருக்கும். இப்போதே ஆள் அனுப்பிச் சரிசெய்ய வேண்டியவை ஒரு வகை. பாத்ரூமில் சாக்கு விரித்திருக்கும் வீடு இதில் முதலில் வரும், ஏனென்றால் அங்கே ஒரு மூதாட்டி நடமாடுகிறார். அடுத்த வீட்டிலிருந்து மாற்ற வேண்டியவை இரண்டாவது வகை. வீட்டுக்காரரே அன்றைக்கு விரும்பிக் கேட்டு வாங்கி, இன்றைக்கு வருந்துபவை மூன்றாவது. பயன்படாமல் கிடக்கும் பொருள் எது என்ற கேள்விக்குப் பதிலாக வருபவை பெரும்பாலும் இந்த வகைதான். வாசலில் போட்ட அலங்கார விளக்குகளும், ஏணி வைத்தாலும் எட்டாத பரணும், வெயில் முகத்தில் அறைவதால் யாரும் உட்காராத மேற்குப் பார்த்த பால்கனியும் அந்தப் பட்டியலில் இருக்கும். இவற்றுக்குக் கான்ட்ராக்டர் பொறுப்பில்லை. ஆனால் அடுத்தவர் அதே பால்கனியைக் கேட்கும்போது, "போன வருஷம் கட்டின வீட்டுல அதை யாருமே பயன்படுத்தலைங்க" என்று சொல்ல அவருக்கு ஓர் ஆதாரம் கிடைக்கிறது. கேட்பதும் விடுவதும் வீட்டுக்காரர் விருப்பம்.

முதல் வகையில் தாமதம் ஆகாது. போன் செய்து விசாரித்துவிட்டு, ஒரு மாதம் ஆள் அனுப்பாமல் இருந்தால், கேட்காமலே இருந்திருக்கலாம். மறந்திருந்த குறையைக் கிளறிவிட்டு ஓடினதாகத்தான் ஆகும். எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, எதற்குச் செலவு ஆகும் என்பதை அதே வாரத்தில் சொல்லிவிட வேண்டும். கீழ்த்தள பாத்ரூம் தரையை உடைத்து மறுபடி போடுவது சாதாரண வேலையல்ல. டைல்ஸை எடுத்தால் அடியில் இருக்கும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சும் சேர்ந்து போகும், மறுபடி பூசிக் காயவிட வேண்டும், வீட்டில் இன்னொரு பாத்ரூம் இருந்தால்தான் அந்த நாட்களை ஓட்டலாம். சில வீடுகளில் கதவோரம் இன்னொரு தண்ணீர்ப் போக்கு வைத்து இணைப்பது மலிவாக முடியும். எது என்று நேரில் பார்க்காமல் போனிலேயே வாக்குக் கொடுத்துவிட்டால் பிறகு சங்கடம்.

கேள்விகள் வேலை செய்யவில்லை என்பதையும் கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு பேச்சும் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்தால், நோட்டில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தால், எதிலும் இடப்பெயரோ தேதியோ ரூபாயோ இல்லாவிட்டால், கேட்ட விதத்தில் கோளாறு என்று பொருள். உண்மையான பதிலில் 'கீழ இருக்கிறது', 'எண்ணூறு ரூபாய்', 'தீபாவளிக்கு மறுநாள்' மாதிரி ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டு வரும்.

கேள்விகளுக்கு எட்டாத விஷயங்களும் உண்டு. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிப்பதும், மொட்டை மாடியின் மேல்தளப் பூச்சு உரிந்து நீர் இறங்குவதும் முதல் ஆண்டில் தெரியாது. அதை வீட்டுக்காரர் சொல்லவும் முடியாது. அதற்கு மூன்றாவது, ஐந்தாவது ஆண்டுகளில் ஒரு தடவை மாடி ஏறிப் பார்க்கத்தான் வேண்டும். அப்படிப் போகிறவர்கள் குறைவு. போகும் சிலர், மழைக்கு முன்னால், புரட்டாசியில் போகிறார்கள். வடிகால் குழாய் வாயில் அடைத்திருக்கும் சருகை எடுத்துவிட்டு வந்தாலே அந்த ஆண்டின் பாதிப் புகார் வராது என்பது அவர்கள் கணக்கு.

ஐந்தாவது கேள்விக்கு வரும் பதில்கள் பெரும்பாலும் கான்ட்ராக்டரின் கையில் இருப்பவையே அல்ல. "கார் நிறுத்த இடத்தை இரண்டடி அகலமாக வைத்திருப்பேன்", "மாடிப்படியை வெளியே கொண்டுபோயிருப்பேன்", "சமையலறை ஜன்னலைக் கிழக்கே திருப்பியிருப்பேன்" என்பதெல்லாம் வரைபடம் போடும்போதே முடிவாகிவிட்டவை. அவற்றைக் கேட்டுவிட்டு நோட்டிலேயே பூட்டி வைப்பதில் லாபமில்லை. விவரம் தெரிந்த கான்ட்ராக்டர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் படமெடுத்து, வீட்டுக்காரர் பெயரை மறைத்துவிட்டு, வரைபடம் போடும் இன்ஜினியருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த மனைக்கு அவர் கோடு போட உட்காரும்போது, கார் கதவைத் திறந்து இறங்க எத்தனை அடி வேண்டும் என்ற கேள்வி அவர் மேசையில் இருக்கும்.